ரெக்ரூட்டருக்கு முப்பது நொடி வாய்ஸ் நோட்: எழுதுவது, பேசுவது, அனுப்புவது

வாட்ஸ்அப்பில் ஒரு ரெக்ரூட்டரின் நம்பர் கிடைத்துவிட்டது. ரெஸ்யூமேவும் அனுப்பியாகிவிட்டது. இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் மட்டும் இல்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் வேலை தேடுகிறவர்கள் பெரும்பாலும் நிற்கிற இடம் இதுதான். அங்கே ஒரு வாய்ஸ் நோட் கைகொடுக்கும். ஆனால் ரெக்ரூட்டர் அதை ஒரு தடவைதான் கேட்பார், அதுவும் பெரும்பாலும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பார். அந்த ஒரு தடவையில் அவருக்கு வேண்டியது கிடைக்கிற மாதிரி எப்படிச் சொல்வது என்று ஒரே ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம்.

ஜெனிஷா என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். தக்கலைக்காரி, பி.காம் முடித்தவள். மார்த்தாண்டத்தில் ஒரு ஹார்டுவேர் மொத்தக்கடையில் மூன்று வருடமாகக் கணக்கு பார்க்கிறாள். கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்துக்கு அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் தேவை என்ற விளம்பரத்தில் ரெக்ரூட்டரின் வாட்ஸ்அப் நம்பர் இருந்தது, நேற்று ரெஸ்யூமே அனுப்பினாள். இன்று காலை வாய்ஸ் நோட் போடப் போகிறாள்.

இங்கேயே ஒரு விஷயம். ரெஸ்யூமேவோ இரண்டு வரி மெசேஜோ போகாமல், முன்பின் தெரியாத நம்பருக்கு எடுத்த எடுப்பில் வாய்ஸ் நோட் போடக் கூடாது. அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது யாரோ ஒருவரின் குரல், அவ்வளவுதான். பெயரும் ரெஸ்யூமேவும் மேலே இருந்தால்தான் கீழே வரும் குரலுக்கு முகம் கிடைக்கும்.

அந்தப் பக்கம் என்ன நடக்கிறது

ரெக்ரூட்டர் முன்னால் ஒரு எக்செல் ஷீட் திறந்திருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு ஆள். பெயர், எந்த வேலைக்கு, எத்தனை வருட அனுபவம், இப்போது எந்த ஊர், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம் என்று கட்டங்கள் போகும். உங்கள் வாய்ஸ் நோட் ஓடும்போது அவர் கை அந்தக் கட்டங்களை நிரப்பப் பார்க்கும். நிரப்ப முடிந்தால் நீங்கள் ஷீட்டில் ஏறிவிட்டீர்கள். முடியாவிட்டால், அப்புறம் கேட்போம் என்று விட்டுவிடுவார். குரலுக்குள் போய் எதையும் தேட முடியாது என்பதால் அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை.

ஆகவே நோட்டில் எதை வைப்பது, எதை விடுவது என்று உங்கள் வாழ்க்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அந்தக் கட்டங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அவற்றிலும் சம்பளம் இரண்டையும் விட்டுவிடலாம். அவர் கூப்பிட்ட பிறகு பேசவேண்டியது அது. முதலிலேயே ஒரு தொகையைச் சொல்லிவிட்டால், கூப்பிடாமலே முடிவெடுக்க அவருக்கு ஒரு காரணம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

போன் நம்பரையும் சொல்ல வேண்டாம். வாட்ஸ்அப்பில் அது கண்முன்னே இருக்கிறது. பத்து இலக்கத்தை வாயால் சொன்னால் நாலைந்து நொடி போய்விடும். கூப்பிட வேறு நம்பர் என்றால் கீழே டைப் செய்துவிடுங்கள்.

முதலில் பெரும்பாலும் வருவது இப்படித்தான்

எழுதி வைக்காமல் மைக்கை அழுத்தினால் ஜெனிஷாவின் வாயிலிருந்து ஏறக்குறைய இது வரும்:

“வணக்கம் மேடம், குட் மார்னிங். எனக்க பேரு ஜெனிஷா மேடம். நான் வந்து கன்னியாகுமரி மாவட்டம், தக்கலை பக்கத்துல இருந்து பேசுறேன். அப்பா ரப்பர் பால் வெட்டுற வேலை, அம்மா வீட்டுலதான். நான் பி.காம் முடிச்சிருக்கேன், டேலி கோர்ஸும் படிச்சிருக்கேன். இப்ப ஒரு கடையில வேலை பாக்குறேன். உங்க கம்பெனில வேலை இருக்குன்னு பாத்தேன். ஒரு சான்ஸ் குடுத்தீங்கன்னா நல்லா வேலை செய்வேன் மேடம். எப்ப வேணும்னாலும் கால் பண்ணுங்க மேடம், ப்ளீஸ்.”

பாவம், ஒரு பொய்யும் இதில் இல்லை. ஆனால் ஷீட்டை நிரப்பிப் பாருங்கள். பெயர் கிடைத்தது. எந்த வேலை? தெரியவில்லை. அந்த ரெக்ரூட்டர் கையில் ஒரே நேரத்தில் பல வேலைகள் இருக்கும், “வேலை இருக்குன்னு பாத்தேன்” என்றால் எதை? ‘ஒரு கடையில்’ என்றால் துணிக்கடையா, பில் போடுகிற வேலையா? எத்தனை வருடம்? எப்போது சேர முடியும்? இவ்வளவு தூரத்திலிருந்து கோயம்புத்தூருக்கு வருவாளா? ஐந்து கட்டம் காலி. அப்பாவின் வேலைக்கோ ஷீட்டில் கட்டமே இல்லை.

‘எப்ப வேணும்னாலும்’ என்பது மரியாதையாகத்தான் சொல்லப்படுகிறது, ஆனால் நடைமுறையில் அதற்கு மதிப்பில்லை. கடையில் பத்து பேர் நிற்கும்போது மேடம் கூப்பிட்டால் ஜெனிஷாவால் பேச முடியாது. அவள் எடுக்காமல் விட்ட அந்த ஒரு அழைப்போடு கதை முடிந்துவிடும்.

எழுதுவது

முப்பது நொடிக்குப் பேச்சுத் தமிழில் சுமார் ஐம்பது சொல் கொள்ளும். அறுபதைத் தாண்டினால் ஓடத்தான் வேண்டும். நம்ம ஊர்ப் பேச்சு ஏற்கெனவே வேகம், அதை அந்தப் பக்கம் ஒன்றரை மடங்கில் ஓடவிட்டால் என்ன கேட்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். ‘பணிபுரிந்து வருகிறேன்’ என்று எழுதி வைத்து வாசித்தால், வாசிக்கிறீர்கள் என்பது இரண்டாவது நொடியில் தெரிந்துவிடும். ஜெனிஷாவின் கடைசி வடிவம் இது:

“வணக்கம் மேடம், நான் ஜெனிஷா. கோயம்புத்தூர் அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் வேலைக்கு நேத்து ரெஸ்யூமே அனுப்பினேன்.

மார்த்தாண்டத்துல ஹார்டுவேர் மொத்தக்கடையில மூணு வருஷமா கணக்கு பாக்குறேன். டேலி என்ட்ரி முதல் ஜிஎஸ்டிஆர் ஒன், த்ரீ பி ஃபைலிங் வரைக்கும் நான்தான்.

நோட்டீஸ் முப்பது நாள். கோயம்புத்தூருக்கே வந்து தங்கிடுவேன்.

ஒரு அஞ்சு நிமிஷம் கூப்பிட்டுப் பேசுங்க மேடம். இன்னைக்கோ நாளைக்கோ, மத்தியானம் ஒண்ணரைல இருந்து ரெண்டு மணிக்குள்ள, இல்லன்னா சாயங்காலம் ஆறரைக்கு மேல. நன்றி.”

முதல் இரண்டு வாக்கியத்தில் யார், எந்த வேலைக்கு, ரெஸ்யூமே எங்கே என்ற மூன்றும் முடிந்துவிடுகிறது. விளம்பரத்தில் வேலைக்கு என்ன பெயர் போட்டிருந்ததோ அதையே சொல்லுங்கள். அவர்கள் அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் என்று போட்டிருக்கும்போது நீங்கள் ‘அக்கவுண்டன்ட் வேலை’ என்றால், அது வேறொரு ஷீட்டில் இருக்கும் வேறொரு வேலையாக இருக்கலாம்.

அடுத்த பகுதிதான் நோட்டின் உயிர். ‘டேலி தெரியும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். ‘ஜிஎஸ்டிஆர் ஒன், த்ரீ பி ஃபைலிங் வரைக்கும் நான்தான்’ என்பதை அந்த வேலையைச் செய்தவர்தான் சொல்வார். மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிற கடைக்கு, விற்பனை விவரம் அடங்கிய ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போக வேண்டும், வரி கட்டி முடிக்கிற 3பி 20-ஆம் தேதிக்குள் போக வேண்டும். அந்த இரண்டு தேதிக்குள்ளும் மாதாமாதம் வேலையை முடித்து வந்த ஆள் என்பது அந்த ஒரு வரியிலேயே புரிந்துவிடும். உங்கள் துறை வேறாக இருந்தாலும் தேடவேண்டியது இதே மாதிரி ஒரு வரியைத்தான். நர்ஸ் என்றால் எந்த வார்டு, எத்தனை படுக்கை என்று சொல்லலாம். ஏசி மெக்கானிக் என்றால் ஸ்பிலிட்டா, சில்லர் பிளான்ட்டா என்று சொல்லலாம்.

ஆனால் அந்த ‘நான்தான்’ உண்மையாக இருக்க வேண்டும். நிறையக் கடைகளில் டேலியில் ஏற்றுவது ஒருவர், ரிட்டர்ன் போடுவது ஆடிட்டர் ஆபீஸ். உங்கள் நிலைமை அதுவானால் “ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு டேட்டா ரெடி பண்ணி ஆடிட்டருக்குக் குடுக்குறது வரைக்கும்” என்று சொல்லுங்கள், அதுவும் மதிப்புள்ள வேலைதான். ஏன் இதை வலியுறுத்துகிறேன் என்றால், கூப்பிட்டதும் வரக்கூடிய முதல் கேள்வி, “2பி-யில வராத பர்ச்சேஸ் பில்லை என்ன பண்ணுவீங்க?” என்பதாக இருக்கலாம். 2பி என்பது சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து மாதாமாதம் போர்ட்டலில் தானாக உருவாகும் பட்டியல். நம் கையில் இருக்கும் பில் அதில் இல்லையென்றால் அந்த பில்லில் கட்டிய ஜிஎஸ்டியை நாம் கட்டவேண்டிய வரியில் இப்போதைக்குக் கழித்துக்கொள்ள முடியாது, சப்ளையரைக் கூப்பிட்டு ஏற்றச் சொல்ல வேண்டும். ரிட்டர்ன் போட்டவர் இதை யோசிக்காமல் சொல்வார். போடாதவர் திணறுவது போனிலேயே கேட்கும்.

‘கோயம்புத்தூருக்கே வந்து தங்கிடுவேன்’ என்பது மூன்றே சொல், ஆனால் நம் மாவட்டத்துக்காரர்கள் விடக்கூடாத வரி. நாகர்கோவில் என்று பார்த்ததும், இவ்வளவு தூரத்திலிருந்து வருவார்களா, வந்தாலும் ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவார்களா என்று ஒரு தயக்கம் அவர்களுக்கு இருக்கும். கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுங்கள். இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் முதலில் வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு அப்புறம் நோட் போடுங்கள்.

கடைசிப் பகுதி, கூப்பிடச் சொல்வது. ‘வேலை கொடுங்கள்’ என்று கேட்டால் அவர் கையில் இல்லாததைக் கேட்கிறீர்கள். ‘ஐந்து நிமிடம் பேசுங்கள்’ என்பது அவரால் உடனே செய்யக்கூடியது. இரண்டு நேரம் கொடுங்கள், இரண்டும் நிஜமாகவே நீங்கள் எடுக்கக்கூடிய நேரமாக இருக்க வேண்டும். ஒன்றரை மணி ஜெனிஷாவின் சாப்பாட்டு நேரம், கடைக்கு வெளியே வந்து பேசலாம். ஆறரை மணி கடையை விட்டுக் கிளம்பிய பிறகு. வேலையில் இருக்கிறவர்களைப் பிடிக்க ரெக்ரூட்டர்களும் பெரும்பாலும் சாயங்காலத்தில்தான் கூப்பிடுவார்கள் என்பதால் அது இருபக்கமும் ஒத்துவரும். மூன்று, நான்கு நேரம் அடுக்கினால் ஒன்றும் மனதில் நிற்காது.

பேசுவது

‘பைய பேசு மக்கா’ என்று வீட்டில் யாராவது சொன்னால் கோபப்படாமல் கேளுங்கள். ஊர் ராகத்தை மாற்ற வேண்டியதில்லை, அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. சென்னைத் தமிழ் மாதிரி பேச முயன்று இடையில் ஊர்த்தமிழ் எட்டிப் பார்ப்பதுதான் உறுத்தும். ‘எனக்க பேரு’ என்பதை மட்டும் ‘நான்’ என்று சுருக்கிவிடுங்கள், கொங்குப் பக்கத்துக் காதுக்கு அது முதல் நொடியிலேயே தடுக்கும். வேகம் குறைய வேண்டிய இடங்கள் மூன்று: உங்கள் பெயர், வேலையின் பெயர், கூப்பிட வேண்டிய நேரம். மூன்றுக்குப் பின்னாலும் ஒரு மூச்சு விடுங்கள், அவர் கை எழுதுகிற நேரம் அது.

ரெக்ரூட்டர் திருவனந்தபுரத்துக்காரர் என்றால், விளம்பரம் எந்த மொழியில் இருந்ததோ அந்த மொழியில் பேசுவது நல்லது. குழித்துறைப் பக்கத்தில் பலருக்கு மலையாளம் சரளம், அப்படியானால் தாராளமாக மலையாளத்தில் பேசலாம். பாதி தமிழ், பாதி மலையாளம் வீட்டுக்கு நல்லது, இங்கே வேண்டாம்.

இடம் முக்கியம். நம் மாவட்டத்தில் மைக்குக்கு முதல் எதிரி காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, மொட்டைமாடியில் நின்று பேசினால் போனுக்குள் ‘புஸ்ஸ்’ என்று இரையும். பேசும்போது நம் காதுக்கு அது கேட்காது, திரும்பப் போட்டுக் கேட்டால்தான் தெரியும். தகரக் கூரைமேல் மழை விழும்போதும் வேண்டாம், பஸ்ஸுக்குள்ளும் வேண்டாம். கட்டிலும் மெத்தையும் துணி நிறைந்த அலமாரியும் உள்ள படுக்கையறை போதும், துணி எதிரொலியை உறிஞ்சிவிடும். ஃபேனை நிறுத்துங்கள். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் படார் என்று அடிக்கும்.

வாட்ஸ்அப்பில் மைக்கை அழுத்தி மேலே இழுத்தால் பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்துவிட்டுப் பேசலாம். முடிந்ததும் நிறுத்திவிட்டு, அனுப்பும் முன் ஓடவிட்டுக் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் குப்பைத்தொட்டியை அழுத்தி மறுபடி எடுங்கள். வட்டத்துக்குள் 1 என்று ஒரு குறி அங்கே இருக்கும். கை தவறி அதை அழுத்திவிட்டால் அந்த நோட்டை ஒரு தடவை மட்டும்தான் கேட்க முடியும். நேரம் சரியாகக் காதில் விழாமல் ரெக்ரூட்டர் திரும்பக் கேட்க நினைத்தால் முடியாது. அனுப்பும் முன் அந்தக் குறி நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேட்டுப் பார்க்க உங்கள் காது போதாது, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. வீட்டில் ஒருவரிடம் நீங்கள் பேசுவதை ஒரே ஒரு தடவை கேட்கச் சொல்லி, பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வேலை, எத்தனை வருடம், எப்போது கூப்பிட வேண்டும்? எதற்குத் தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள்.

அனுப்புவது

ஜெனிஷா இதை காலை ஒன்பதரை மணிக்குள், கடைக்குக் கிளம்பும் முன், வீட்டிலிருந்தே அனுப்புகிறாள். ‘இன்னைக்கு’ என்ற சொல் நோட்டில் இருப்பதால், ராத்திரி பத்து மணிக்கு அனுப்பினால் எல்லாம் குழம்பிவிடும்.

வாய்ஸ் நோட்டுக்குக் கீழே உடனே ஒரு வரி டைப் செய்ய வேண்டும். குரலைத் தேட முடியாது, எழுத்தைத் தேடலாம். மீட்டிங்கில் இருக்கும்போது எழுத்தைப் பார்க்கலாம், குரலைக் கேட்க முடியாது. இந்த அளவு போதும்:

“ஜெனிஷா, அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் (கோவை). 3 வருடம், டேலி, ஜிஎஸ்டி. நோட்டீஸ் 30 நாள். அழைக்க: மதியம் 1.30 – 2.00, மாலை 6.30க்கு மேல்.”

விளம்பரத்தில் வேலைக்கு எண் ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் இங்கே சேருங்கள், வாயால் சொல்ல வேண்டாம். ரெஸ்யூமே கோப்பின் பெயரையும் ஒரு பார்வை பாருங்கள். `resume_new_final2.pdf` என்று இருந்தால் டவுன்லோட் ஆனதும் தொலைந்துவிடும். `Jenisha_Accounts_3yrs.pdf` என்றால் தேடினால் கிடைக்கும்.

அனுப்பிய பிறகு

வாய்ஸ் நோட்டில் நீல டிக் ஒன்று, நீல மைக் இன்னொன்று. டிக் நீலமானால் சாட்டைத் திறந்திருக்கிறார். மைக் படம் நீலமானால்தான் ஓடவிட்டிருக்கிறார். நீல டிக் வராதபடி அவர் அணைத்து வைத்திருந்தாலும், ஓடவிட்டது காட்டிவிடும்.

இரண்டு வேலைநாள் ஆகியும் மைக் நீலமாகவில்லை என்றால் அவர் கேட்கவே இல்லை. இன்னொரு வாய்ஸ் நோட் போட்டுப் பயனில்லை. “மேடம், நேற்று முன்தினம் அனுப்பியதன் சுருக்கம்” என்று மேலே உள்ள அந்த ஒரு வரியை மட்டும், நேரத்தை மாற்றி, எழுத்தில் அனுப்புங்கள். மைக் நீலமாகிப் பதில் இல்லையென்றால், “இந்த வேலைக்கு ஆள் எடுத்தாச்சா மேடம்?” என்று ஒரு கேள்வி போதும். ‘ஆச்சு’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல அவருக்கு வசதியாக இருக்கும், உங்களுக்கும் ஒரு விடை கிடைக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த நம்பரை விட்டுவிடுங்கள்.

கூப்பிடுவார் என்ற நம்பிக்கையில் இருக்கும்போது போனையும் அதற்குத் தயாராக வையுங்கள். அழைப்பு வாட்ஸ்அப்பில் பார்த்த நம்பரிலிருந்தே வரும் என்று நினைக்காதீர்கள். ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து, கோயம்புத்தூரின் 0422 எண்ணில் வரலாம். தெரியாத நம்பர்களைத் தானாக ஊமையாக்கும் வசதியை நிறையப் பேர் விளம்பரத் தொல்லைக்குப் பயந்து போட்டு வைத்திருப்பார்கள். போனிலும் வாட்ஸ்அப்பிலும் இரண்டு நாளைக்கு அதை எடுத்துவிடுங்கள். சொன்ன இரண்டு நேரத்திலும் சிக்னல் இருக்கிற இடத்தில் இருங்கள். ரப்பர் தோட்டத்துக்குள் வீடு உள்ளவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தவறிப்போய் மிஸ்டு காலாகிவிட்டால் பத்து நிமிடத்துக்குள் திரும்பக் கூப்பிடுங்கள். லேண்ட்லைன் என்றால் ரிசப்ஷனில் எடுப்பார்கள், யார் கூப்பிட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. “அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் வேலைக்கு ஹெச்ஆர்ல இருந்து கூப்பிட்டிருந்தாங்க, பேரு ஜெனிஷா” என்று சொன்னால் இணைத்துவிடுவார்கள். கிடைக்கவில்லையென்றால் வாட்ஸ்அப்பில், “மேடம், 6.40க்கு வந்த அழைப்பைத் தவறவிட்டேன், இப்போது பேசலாம்” என்று எழுதுங்கள். இந்த இடத்தில் வாய்ஸ் நோட் வேண்டாம்.